லினன், ஹெம்ப், சணல்: கசங்கல், வலிமை, துவைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடை தைப்பதும், கிழிந்து வருவதைச் செப்பனிடுவதும் என் தொழில். இந்த மூன்று நார்களைப் பற்றி ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

ஹெம்ப் என்றாலே சணல்தானே? ஏன் இரண்டு பெயர் வைத்துக் குழப்புகிறீர்கள்?

குழப்பத்தை நான் உண்டாக்கவில்லை, அது சொல்லிலேயே இருக்கிறது. சாக்கு நெய்யும் நாரைச் சணல் என்கிறோம். மஞ்சள் பூப் பூத்து, பசுந்தாள் உரமாக மடக்கி உழப்படும் சணப்புக்கும் சில இடங்களில் அதே பெயர்தான். ஹெம்ப் இவை இரண்டுமல்ல. அது கஞ்சாச் செடியின் இனத்தைச் சேர்ந்தது. நாருக்காக வளர்க்கும் வகைகளில் போதை தரும் பொருள் மிகக் குறைவு, தண்டு உயரமாகவும் கிளையின்றியும் வளரும். லினன் ஆளிச் செடியின் தண்டு நார். ஆளி விதை கொடுக்கிற செடியேதான், ஆனால் நாருக்கென்று தனி வகைகளை நெருக்கமாக விதைக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தில் சணல் என்று வரும் இடமெல்லாம் சாக்குக்குப் போகும் நாரையே, அதாவது ஜூட்டையே குறிக்கிறது.

மூன்றுமே தண்டை ஊறவைத்து உரித்தெடுக்கும் நார்தான். பிறகு ஏன் ஒன்று சட்டையாகிறது, இன்னொன்று சாக்காகிறது?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தண்டிலிருந்து உரித்த நார் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை போலத் தெரியும். அது ஒரே இழை அல்ல. மிக நுண்ணிய நீண்ட செல்கள் பல ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கட்டு அது. ஒட்டவைக்கும் பசையில் பெக்டின், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று மூன்று பொருள்கள் இருக்கின்றன. தண்டை ஊறவைக்கும்போது நுண்ணுயிரிகள் பெக்டினில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. அதனால்தான் நார் தண்டின் கட்டையிலிருந்து பிரிந்து வருகிறது. லிக்னினை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. மரத்தை மரமாக விறைத்து நிற்கச் செய்கிற பொருள் அது.

இனி அந்த ஒற்றைச் செல் எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். ஆளியில் சராசரியாக இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். ஹெம்ப்பில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அல்லது சற்று மேல். சணலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். பத்தில் ஒரு பங்கு! லிக்னின் அளவோ இதற்கு நேர்மாறு. ஆளி நாரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு, ஹெம்ப்பில் அதைவிடச் சற்று அதிகம், சணலில் பன்னிரண்டு பங்கு அளவில்.

ஆளி நாரை ஒரு விறகுக்கட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். கயிறு தளர்ந்தால் கட்டு அவிழும், ஆனால் ஒவ்வொரு விறகும் முழுசாக இருக்கும். சணல் செங்கல் சுவர் மாதிரி. சாந்து கரைந்தால் சுவரே இல்லை. லினன் நூற்பாலைகளில் மெல்லிய நூலுக்கு நாரைச் சுடுநீரில் நனைத்தபடியே நூற்பார்கள். எஞ்சிய பெக்டின் இளகி, செல்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நீளும். அதனால் நூலை மிக மெல்லியதாக இழுக்க முடிகிறது. சணலில் அப்படிச் செய்ய வழியில்லை. இரண்டு மில்லிமீட்டர்த் துண்டுகளை எந்த நூற்புக் கதிரும் நூலாக்காது. ஆகவே கட்டாகவே நூற்க வேண்டியிருக்கிறது, கட்டு தடிமனாக இருப்பதால் நூலும் தடிமனாகிறது.

லினன் சட்டை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால் கசங்கிவிடுகிறது. போலி லினனை வாங்கிவிட்டேனா?

இல்லை. கசங்காமல் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

ஆளி நாரை இழுத்தால் நூற்றுக்கு மூன்று பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். பருத்தி ஆறேழு பங்கு நீளும், கம்பளி முப்பது பங்குக்கு மேலும் போகும். நீளாத நாரை மடக்கினால் மடிப்பின் வெளிப்பக்கம் நீண்டு கொடுக்க முடியாது. உள்பக்கம் நசுங்கிச் சுருங்கும். அந்த நசுங்கல் தானாகத் திரும்புவதில்லை. கம்பளி வில்லைப் போல மீள்வதும் லினன் காகிதத்தைப் போல மடிந்து கிடப்பதும் இதனால்தான்.

இன்னொரு காரணம் ஈரம். செல்லுலோஸ் சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிணைத்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் புகுந்தால் அவற்றில் பல விட்டுப்போகும். காயும்போது, துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடியும் பிணைந்துகொள்ளும். இஸ்திரி போடுவது முழுக்க முழுக்க இந்த வேலைதான். ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்து துணியைத் தட்டையான நிலையில் பிணைக்கின்றன. முழங்கையின் உள்மடிப்பையும் முழங்காலின் பின்புறத்தையும் கவனித்துப் பாருங்கள். அங்கேயும் வியர்வையின் ஈரம், உடலின் சூடு, உட்காரும்போது அழுத்தம் எல்லாம் இருக்கின்றன. உங்கள் உடம்பே ஓர் இஸ்திரிப்பெட்டி, ஆனால் அது துணியை மடித்த நிலையில் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

கசங்கலைக் குறைக்க வேண்டுமானால் நாரை விட்டுவிட்டு நெசவைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 130 கிராம் உள்ள மெல்லிய சாதா நெசவுத் துணியில் கூரான, நெருக்கமான கோடுகள் விழும். 220 கிராம் துணியில், அதுவும் ட்வில் நெசவாக இருந்தால், அலை போன்ற அகன்ற மடிப்புகள்தான் விழும். கண்ணுக்கு அது கசங்கலாகவே தெரியாது. லினன் நூலில் பின்னிய டீ ஷர்ட் வகைத் துணி இன்னும் நல்லது, ஏனென்றால் நார் நீளாத இடத்தில் பின்னலின் கண்ணி நீண்டு கொடுத்துவிடும்.

ஹெம்ப் கசங்கவே கசங்காது என்று சொல்லி விற்கிறார்களே?

கசங்கும். ஹெம்ப்பும் லினன் அளவுக்கே நீட்சி குறைந்த நார். ஹெம்ப் துணிகள் பெரும்பாலும் கனமாக நெய்யப்படுவதாலும், பருத்தி கலந்து வருவதாலும் அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. ஒரே எடை, ஒரே நெசவு உள்ள இரண்டு தூய துணிகளைக் கையில் பிடித்துக் கசக்கி விட்டுப்பார்த்தால் எது எது என்று என்னால் சொல்ல முடியாது.

"கசங்காத லினன்" என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

அது பிசின் ஏற்றிய துணி. செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையே ரசாயனக் குறுக்குப் பிணைப்புகளைப் போட்டு, ஈரம் பட்டாலும் அவை நழுவாதபடி செய்கிறார்கள். கசங்கல் உண்மையிலேயே குறையும். ஆனால் நார் மேலும் விறைத்து, இருக்கிற சிறு நீட்சியும் போய்விடும். துணியின் கிழியாமல் தாங்கும் வலிமையும் உராய்வைத் தாங்கும் திறனும் கண்கூடாக இறங்கும். கைப்பட்டையின் ஓரமும் காலரின் ஓரமும் சீக்கிரம் தேயும். லினனின் குளுமையும் ஈரம் உறிஞ்சும் குணமும் சற்றுக் குறையும்.

என் கருத்து: கசங்கலைப் பார்க்கவே பிடிக்காதவர் லினனை விட்டு வேறு துணிக்குப் போவது நல்லது. லினனை விறைக்க வைத்து அதன் நல்ல குணங்களைக் கெடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

எது வலுவானது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

லினனும் ஹெம்ப்பும் ஏறக்குறைய ஒரே தட்டில், சணல் ஒரு படி கீழே.

ஆனால் இந்த ஒரு வரி போதாது. ஆடையைப் பொறுத்தவரை காய்ந்த துணியின் வலிமையைவிட நனைந்த துணியின் வலிமைதான் முக்கியம், ஏனென்றால் முறுக்கலும் பிழிதலும் உலுக்கலும் நடப்பது தண்ணீரில். லினன் நனையும்போது அதன் வலிமை ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுகிறது. ஹெம்ப்பும் அப்படியே கூடும் இனம். தண்ணீர் நாருக்குள் புகுந்து, இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் சீராகப் பரவ இடம் தருகிறது. சணல் நேர்மாறு. நனைந்தால் அதன் வலிமை சற்றுக் குறைகிறது. முன்பு சொன்ன சாந்து ஈரத்தில் இளகி, குட்டைச் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவத் தொடங்குகின்றன. சாக்காக இருக்கும்வரை அது ஒரு குறையே இல்லை. சாக்கை யாரும் வாரம் இரண்டு முறை துவைப்பதில்லை.

இவ்வளவு வலுவான நார் என்கிறீர்கள். என் லினன் சட்டையின் காலர் மட்டும் மடிப்புக் கோட்டில் கிழிந்திருக்கிறது. துணி மற்ற இடங்களில் புதிதுபோல இருக்கிறது. எப்படி?

செப்பனிட வரும் லினன் சட்டைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். இழுத்தால் அறுபடாத நார் மடக்கினால் அறுபடும். இரண்டும் வெவ்வேறு வலிமைகள்.

அப்படி ஒரு சட்டையைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளை நிறம், உரிமையாளர் ஒழுங்கில் மிகவும் கண்டிப்பானவர். ஒவ்வொரு துவைப்புக்கும் கஞ்சி, ஒவ்வொரு முறையும் காலரை அதே கோட்டில் மடித்து, துளி ஈரமும் இல்லாமல் உலர்ந்த பிறகு மிகச் சூடான பெட்டியால் அழுத்தித் தேய்ப்பது வழக்கம். காலரைப் பிரித்து, மடிப்புக் கோட்டில் ஒரு பாவு நூலை உருவி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். நூல் அறுந்த முனை பருத்தியைப் போலப் பஞ்சாகப் பிரிந்திருக்கவில்லை. குச்சியை ஒடித்ததுபோலக் குட்டையாக, ஒரே மட்டத்தில் முறிந்திருந்தது. அறாத நூல்களிலும் அதே கோட்டில் வெளிறிய ஒரு புள்ளி தெரிந்தது. கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி எடுத்த நூலோ கையால் இழுத்தால் விரலை வெட்டும் அளவுக்கு உறுதி.

ஆளி நாரின் நீளத்தில் மூங்கிலின் கணுக்களைப் போலக் குறுக்குக் கோடுகள் உண்டு. மடக்கும்போது நசுங்கும் இடங்களும் அங்கேயே தொடங்குகின்றன. ஒரே கோட்டில் நூறு முறை மடக்கினால் ஒரே கணு நூறு முறை நசுங்குகிறது. கஞ்சி நாரை விறைக்க வைத்து அதை மோசமாக்குகிறது, ஈரமே இல்லாத சூடு நாரை மேலும் நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகிறது. மேசை விரிப்புகளும் போர்வைகளும் மடித்து வைத்த கோட்டிலேயே நைந்து போவதற்கும் காரணம் இதுவே.

செய்ய வேண்டியது எளிது. சற்று ஈரமாக இருக்கும்போதே தேயுங்கள். காலரை விரித்துத் தட்டையாகத் தேய்த்துவிட்டு, மடிப்பைக் கையால் மட்டும் திருப்பிவிடுங்கள், அந்தக் கோட்டின் மேல் பெட்டியை வைக்க வேண்டாம். கால்சட்டையில் கத்தி மடிப்பு வேண்டாம். அலமாரியில் மடித்து அடுக்குவதைவிடத் தொங்கவிடுவது நல்லது, மடித்தே தீரவேண்டுமானால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடியுங்கள். ஹெம்ப்புக்கும் இதே விதிதான்.

மேலே சொன்ன சட்டைக்கு, காலரைக் கழற்றித் திருப்பித் தைத்துக் கொடுத்தேன். உள்பக்கம் வெளியே வந்தது. இரண்டாவது ஆயுள் கிடைத்தது, பழக்கம் மாறாவிட்டால் அதுவும் அதே கோட்டில்தான் போகும் என்று சொல்லி அனுப்பினேன்.

எத்தனை முறை துவைத்தால் லினன் மென்மையாகும்?

இரண்டு கட்டமாக நடக்கிறது, இரண்டையும் கலக்கக் கூடாது.

முதல் இரண்டு மூன்று துவைப்பில் வரும் மாற்றம் பெரிது, ஆனால் அது நாரின் மாற்றம் அல்ல. நெசவுக்காக நூலில் ஏற்றிய பசையும் விற்பனைக்காகப் போட்ட மெருகும் போகின்றன. தறியில் இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்த நூல் தளர்ந்து தன் இடத்தில் அமர்கிறது. துணி சுருங்குவதும் இந்தக் கட்டத்தில்தான். முன்பே துவைக்காத லினன் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சுருங்குவது சாதாரணம். 75 சென்டிமீட்டர் உயரமுள்ள சட்டைக்கு அது மூன்று சென்டிமீட்டருக்கு மேல். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைக்கச் சொல்வது இதனால்தான்.

அதற்குப் பிறகு மெதுவான கட்டம் தொடங்குகிறது. ஒவ்வொரு துவைப்பிலும் சலவைத்தூளின் காரமும் சூடான நீரும் கொஞ்சம் பெக்டினைக் கரைக்கின்றன. விறகுக்கட்டின் கயிறு தளர்கிறது. தடித்த கட்டு இரண்டாக, நான்காகப் பிரிந்து மெல்லிய செல்களாகிறது. தடித்த குச்சி வளையாது, அதே கனமுள்ள ஈர்க்குக் கட்டு வளையும். நூலில் செல்கள் குறையாமலேயே துணி மென்மையாவது இப்படித்தான். செல் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருப்பதால், கட்டு பிரிந்த பிறகும் முறுக்கு அதை நூலுக்குள் பிடித்து வைத்திருக்கிறது. வலிமை பெரிதாகப் போவதில்லை. பத்துப் பதினைந்து துவைப்புக்குப் பின் கையில் நன்றாகவே வித்தியாசம் தெரியும், பிறகும் பல காலம் தொடரும்.

ஹெம்ப் இதே வழியில் போகிறது, ஆனால் தாமதமாக. லிக்னின் சற்றுக் கூடுதல், செல் சற்றுத் தடிமன். முதல் நாளில் கரடாக இருக்கும், லினன் சென்ற தூரத்தைச் செல்ல இன்னும் பல துவைப்புகள் கேட்கும். தூய ஹெம்ப் வாங்குகிறவர் ஒரு பருவத்துக்காவது பொறுமையாக உடுத்தித் துவைத்தபின் தீர்ப்புச் சொல்லலாம்.

கடையிலேயே பட்டுப்போல மென்மையாக இருக்கும் லினன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதை என்ஸைம் போட்டோ கற்களோடு உருட்டியோ துவைத்திருப்பார்கள். ஏமாற்று வேலை அல்ல. ஆனால் நீங்கள் செய்திருக்க வேண்டிய தேய்மானத்தில் ஒரு பகுதியை ஆலை முன்கூட்டியே செலவழித்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படியானால் சணல் ஆடையையும் துவைத்துத் துவைத்து மென்மையாக்கலாமே?

நானும் ஒருமுறை அப்படி நினைத்தேன். சணல் துணியில் கையில்லாத மேலாடை ஒன்றைத் தைத்தபோது, உள்ளே துணி வைத்துத் தைப்பதற்குச் சோம்பல்பட்டு, துவைத்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். வெதுவெதுப்பான நீர், வழக்கமான சலவைத்தூள், ஆறு துவைப்பு. முதல் துவைப்பில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. நூற்பதற்கு முன் நாரை இளக்க ஏற்றும் எண்ணெயின் வாடை அப்போதும் போகவில்லை. மூன்றாவதில் வாளியின் அடியில் பழுப்புத் தூள் படிந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தால் நுண்ணிய குட்டை முடிகள். ஆறாவதற்குப் பிறகு துணி தொளதொளவென்று ஆனது, ஆனால் மென்மையாகவில்லை. தோளில் போட்டால் முன்பைவிட அதிகமாகக் குத்தியது. தையல் ஓரத்தில் நூல்கள் நழுவி வாய் பிளந்தன.

காரம் ஹெமிசெல்லுலோஸைக் கரைக்கும். சணலில் அது நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் உண்டு, செல்களைச் சேர்த்து வைத்திருப்பதில் அதற்கு முக்கியப் பங்கு. லினனில் கட்டு பிரிந்தால் நீண்ட செல் கிடைக்கிறது. சணலில் கட்டு பிரிந்தால் இரண்டு மில்லிமீட்டர்த் தூசு கிடைக்கிறது, அது முறுக்கில் நிற்காமல் உதிர்ந்துபோகிறது. மிஞ்சி நிற்கும் கட்டுகளோ தடித்தவை. தோலைக் குத்துவது நாரின் தடித்த முனைதான். ஏறக்குறைய முப்பது மைக்ரானுக்கு மேல் தடிமன் போனால் முனை வளையாமல் தோலில் பதியும். சணல் கட்டுகள் அதைவிடத் தடிமனானவை.

ஆகவே துவைக்கத் துவைக்க மென்மையாவது லினனுக்கும் ஹெம்ப்புக்கும் உரிய குணம். சணல் துவைக்கத் துவைக்கத் தேயும்.

சணலை மெல்லிய நூலாக நூற்றுச் சட்டைத் துணி நெய்தால் என்ன?

முடிந்திருந்தால் எப்போதோ செய்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு நார்களுக்கும் நூல் அளவைச் சொல்லும் முறையே தலைகீழானது. லினனில் லீ எண் என்பார்கள்: ஒரு பவுண்டு எடையில் 300 கெஜக் கண்டுகள் எத்தனை என்பது. எண் கூடக்கூட நூல் மெல்லிது. சணலில் 14,400 கெஜ நூல் எத்தனை பவுண்டு எடை என்று பார்ப்பார்கள். எண் கூடக்கூட நூல் தடிமன்.

சட்டைத் துணிக்கு வழக்கமான 40 லீ லினனில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 24 மீட்டர் நூல் கிடைக்கும். சாக்குத்துணி வகைக்கு வழக்கமான 8 பவுண்டு சணல் நூலில் ஒரு கிராமுக்கு மூன்றரை மீட்டர்தான். அதே நீளத்துக்கு ஏழு மடங்குக்கு நெருங்கிய எடை. சணலை இதைவிட மெல்லியதாக நூற்கலாம்தான், ஆனால் 40 லீ லினனின் பக்கத்தில் கொண்டுவர முடியாது. கட்டின் தடிமனே அங்கே எல்லை.

சணல் ஆடைக்கு வருவது இரண்டு வழிகளில். ஒன்று, பருத்தியோடு கலந்த நூல். இன்னொன்று, கடும் காஸ்டிக் சோடாக் கரைசலில் நாரை ஊறவைத்து எடுப்பது. நார் வீங்கி, சுருள் விழுந்து கம்பளியைப் போலத் தோன்றும், நீட்சியும் வரும். அதற்கு விலையாக எடையிலும் வலிமையிலும் ஒரு பங்கு போய்விடும். இவற்றைக் கோட்டு, மேலங்கி போன்ற உள்துணி வைத்துத் தைக்கும் ஆடைகளுக்குப் பயன்படுத்தலாம். தோலோடு ஒட்டி உடுத்த நான் தைத்துத் தரமாட்டேன்.

"55 சதவீதம் ஹெம்ப், 45 சதவீதம் பருத்தி" என்று இருக்கிறது. இது ஹெம்ப்பின் வலிமையோடு இருக்குமா?

இருக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பருத்தி நூற்கும் இயந்திரத்தில் ஓடவேண்டும் என்பதற்காக ஹெம்ப்பின் பசையை நீக்கி, நாரைப் பருத்தியின் நீளத்துக்கு வெட்டிவிடுவது வழக்கம். நீண்ட நார் தரும் வலிமையும் மெல்லிய பளபளப்பும் அங்கேயே போய்விடுகின்றன. பதிலுக்கு முதல் நாளிலிருந்தே மென்மை, கசங்கல் சற்றுக் குறைவு, பராமரிப்பு எளிது. அன்றாடச் சட்டைக்கு நல்ல துணிதான். பத்து ஆண்டு உழைக்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றலாமா?

வேண்டாம். நாரின் மேல் கொழுப்புப் பூச்சு ஏறும், வழுவழுப்பாகத் தெரியும், உறிஞ்சும் தன்மை குறையும். லினனை வாங்குவதே வியர்வையை உறிஞ்சத்தானே.

எப்படித் துவைப்பது, எப்படிக் காயவைப்பது?

லினனையும் ஹெம்ப்பையும் 40 டிகிரி வரை உள்ள நீரில், இயந்திரத்தைப் பாதி மட்டும் நிரப்பித் துவையுங்கள். நெருக்கமாகத் திணித்தால் ஈரமான துணி மடங்கிய நிலையிலேயே அழுந்தி, தேய்த்தாலும் போகாத கோடுகள் விழும். பிழியும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். எடுத்த உடனே உதறி, தையல் ஓரங்களைக் கையால் இழுத்து நேராக்கித் தொங்கவிட்டால் இஸ்திரி வேலை பாதியாகும். சூடான உலர்த்தி இயந்திரத்தில் முழுக்கக் காயவிடாதீர்கள். அதன் வடிகட்டியில் சேரும் பஞ்சு உங்கள் சட்டையிலிருந்து போனதுதான். முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, அரை மணி நேரம் வைத்த பிறகு தேயுங்கள்.

சணல் கலந்த ஆடைக்குக் குளிர்ந்த நீர், காரமில்லாத மென்மையான சோப்புத் திரவம், சில நிமிடம் போதும். முறுக்கிப் பிழியாமல் துண்டுக்குள் சுருட்டி அழுத்துங்கள். வெயிலில் போடாதீர்கள். லிக்னின் வெளிச்சத்தில் மஞ்சளித்துப் பழுப்பாகும். வெளுத்த சணல் மறுபடியும் பழுப்பாவது கறையால் அல்ல, அதனால் மீண்டும் வெளுத்துப் பார்த்து நாரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கியது லினனா ஹெம்ப்பா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? எரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

எரித்தால் மூன்றுமே காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கட்டியாவதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான்.

வேறொரு சோதனை இருக்கிறது. துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, முறுக்கை முழுக்கப் பிரித்து, இரண்டு மூன்று இழைகளை மட்டும் எடுங்கள். தண்ணீரில் நனைத்து, ஒரு முனையைச் சாமணத்தால் பிடித்து, விடுபட்ட முனை உங்கள் கண்ணைப் பார்க்கும்படி சூடான ஒரு பரப்புக்கு மேலே நீட்டுங்கள். காயக் காய அந்த முனை தானாகச் சுழலும். ஆளி நார் கடிகார முள் திசையில் சுழலும், ஹெம்ப் எதிர்த்திசையில். செல்லுக்குள் செல்லுலோஸ் இழைகள் எந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகின்றனவோ அதைப் பொறுத்தது இது. சணலும் ஹெம்ப்பைப் போலவே எதிர்த்திசையில்தான் சுழலும், ஆனால் அதைக் கண்டுபிடிக்க அதன் கரடும் பழுப்பு நிறமுமே போதும்.

ஒரே முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஐந்தாறு இழைகளிலாவது பாருங்கள். முறுக்கு முழுக்கப் பிரியாமல் இருந்தால் சுழல்வது நார் அல்ல, மிஞ்சியிருக்கும் நூல் முறுக்கு. நான் முதன்முதலில் செய்தபோது ஒரு நல்ல லினன் துணியை இப்படித்தான் ஹெம்ப் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.